சொல்லாத கருத்தை மறுக்கும் விமர்சனக் கட்டுரை

கேள்வி: ஓர் ஆய்வுக் கட்டுரையை விமர்சித்து எழுதச் சொன்னேன். ஒரு மாணவி ஆசிரியர்கள் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, அந்தத் தப்பான கருத்தை நன்றாகவே மறுத்திருக்கிறார். இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது?

புரிதலுக்கான மதிப்பெண்ணைத் தயங்காமல் குறையுங்கள். விமர்சனத்துக்கான மதிப்பெண்ணில் கை வைக்கும் முன் மட்டும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: ஆசிரியர் உண்மையில் சொன்னதை ஒரு துண்டுத்தாளில் ஒரே வாக்கியமாக எழுதி, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாணவியின் ஆட்சேபணைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். எது இன்னும் நிற்கிறது, எது விழுகிறது என்று பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். நிற்பதற்கு மதிப்பெண் உண்டு.

எனக்கு வந்த ஒரு மாணவனின் பேப்பரையே சொல்கிறேன். ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வுதான் பாடம். எல்லா மாணவர்களும் சின்ன உரைநடைப் பகுதிகளை முதலில் படிப்பார்கள். அப்புறம் ஒரு பகுதியை மறுபடி படிப்பார்கள், இன்னொன்றை மறுபடி பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதுவார்கள். 5 நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் மறுபடி படித்ததே கொஞ்சம் கூடுதலாக நினைவில் இருந்தது. 2 நாள், 1 வாரம் கழித்து வைத்தால் எழுதிப் பார்த்ததே முந்தியது. ஆகவே அவர்கள் சொல்வது, நாள்பட நினைவில் நிற்க வேண்டுமென்றால் மறுபடி படிப்பதைவிட ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்ப்பது நல்லது என்பது.

மாணவன் எழுதியது இப்படி: "மீண்டும் படிப்பது வீண் என்கிறார்கள். ஆனால் 5 நிமிடத் தேர்வில் மீண்டும் படித்ததே அதிகப் பலன் தந்தது. தங்கள் தரவே தங்களை மறுப்பதை அவர்கள் கவனிக்கவில்லை." கவனிக்காமல் என்ன, அந்தத் தலைகீழ் மாற்றம்தான் கட்டுரையின் மையமே! "நாள்பட" என்ற நிபந்தனை அவன் சுருக்கத்தில் விழுந்துவிட்டது, அது விழுந்ததும் மறுப்பது சுலபமாகிவிட்டது. ஆனால் கடைசிப் பத்தியில், சின்ன உரைநடைப் பகுதிகளை வைத்துச் செய்த சோதனை, கணக்குப் போடப் பழகுவதற்கும் பொருந்துமா என்று கேட்டிருந்தான். சரியான கருத்தைப் பக்கத்தில் வைத்தாலும் அந்தக் கேள்வி அசையவில்லை.

மொத்தம் 20. சுருக்கத்துக்கு 6இல் 2. விமர்சனத்துக்கு 8இல் 3, அந்தக் கடைசிப் பத்திக்காக மட்டும். ஆதாரத்தைக் கையாண்டதற்கு 4இல் 3, ஏனென்றால் முடிவுகளுக்குள் போய் 5 நிமிட எண்ணை எடுத்தது அவன் சொந்த உழைப்பு, பலர் முன்னுரையைத் தாண்டுவதில்லை. மொழிக்கு 2. ஆக 10.

கணிதத்தில் முதல் வரியில் வந்த தவறான விடையை வைத்தே அடுத்த வரிகளைச் சரியாகப் போட்டால் மதிப்பெண் கொடுக்கிறோமே, இங்கே ஏன் கூடாது என்று என் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அங்கேயும் அந்தத் தவறு கணக்கை எளிதாக்கிவிட்டால் முழு மதிப்பெண் தருவதில்லையே. இங்கே நடப்பது பெரும்பாலும் அதுதான், ஏனென்றால் தப்பாகப் படித்த கருத்து வழக்கமாக அசலைவிடப் பலவீனமானது. ஆனால் மொழிநடையிலும் ஆதாரத்திலும் அதே தவறுக்கு மறுபடி மறுபடி வெட்டினால் ஒரு குற்றத்துக்கு நாலு தண்டனை ஆகிவிடும், அதையும் செய்யாதீர்கள்.

இன்னொன்று, மேற்கோளைப் பாருங்கள். வாக்கியத்தை முழுசாக எடுத்துப் போட்டுவிட்டு நிபந்தனையைக் கவனிக்காமல் விட்டது அவசரம். மூன்று புள்ளி வைத்து நிபந்தனையை மட்டும் வெட்டியிருந்தால் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய விஷயம். மூலமே இரண்டு விதமாகப் படிக்க இடம் தருகிறதா என்ற சந்தேகம் வந்தால், மாணவியின் கட்டுரையைக் காட்டாமல் அந்தப் பத்தியை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்து என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அவரும் மாணவி பக்கம் போனால் புரிதல் மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குறிப்பில் "தவறான புரிதல்" என்று மட்டும் எழுதினால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. நான் ஆசிரியர்களின் வாக்கியத்தையும் அவன் வாக்கியத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, "இடையில் எந்தச் சொல் காணாமல் போனது?" என்று கேட்டு, ஒரு பத்தி மட்டும் திருப்பி எழுதச் சொன்னேன். அதே 5 நிமிட எண்ணைத்தான் மறுபடி எடுத்தான், ஆனால் இந்தத் தடவை கேட்டது வேறு: 5 நிமிடத்துக்கும் 2 நாளுக்கும் நடுவே அவர்கள் எதையும் அளக்கவில்லையே, நாளைக் காலை தேர்வு என்றால் இன்று இரவு எதைச் செய்வது?