வெள்ளைப் பூனையின் காது நுனியில் ஆறாத பொருக்கு

கேள்வி: எங்கள் பூனை முழு வெள்ளை. 8 வயது. பகலெல்லாம் வெயிலில்தான் படுத்துக் கிடக்கும். கோடைதோறும் காது நுனி சிவந்து தோல் உரியும், அப்புறம் தானாகச் சரியாகிவிடும். இந்த முறை இடது காதில் பொருக்கு கட்டுகிறது, உதிர்கிறது, மறுபடி கட்டுகிறது. 2 மாதமாகக் களிம்பு போட்டும் ஆறவில்லை. இது வெறும் வெயில் புண்ணா, புற்றுநோயா?

பதில்: பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் விதம் எனக்குக் கவலை தருகிறது. களிம்பை நிறுத்திவிட்டு இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெள்ளை முடி உள்ள இடத்தில் தோலுக்கு நிறம் தரும் மெலனின் இருக்காது. காது ஓரத்திலும் மூக்கு நுனியிலும் முடியும் மிகக் குறைவு. அதனால் வெயிலின் புற ஊதாக் கதிர் நேராகத் தோல் செல்லின் மரபணுவைத் தாக்குகிறது. மோசமாகப் பழுதான செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். கோடையில் நீங்கள் பார்த்த தோல் உரிதல் பெரும்பாலும் அதுதான். அந்த 'அழிந்து போ' என்ற கட்டளையைத் தரும் மரபணு (பி53) பழுதாகிவிட்டால்தான் சிக்கல். அந்தச் செல் சாகாது. அடுத்த வெயிலில் பக்கத்துச் செல்கள் செத்து உதிர, இது அந்த இடத்தைப் பிடித்துப் பெருகும். ஆகவே ஒவ்வொரு முறை காது 'சரியானபோதும்' தோல் பழைய நிலைக்குத் திரும்பியிருக்காது. வருடக்கணக்கில் இப்படிச் சேர்ந்து செதில் செல் புற்றுநோயாகிறது.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். காது ஓரத்தை விரலால் மெல்லத் தடவினால் தடித்து, சொரசொரப்பாக இருக்கிறதா? விளிம்பு சுருண்டிருக்கிறதா, அரித்தது போலக் குறைந்திருக்கிறதா? பொருக்குக்கு அடியில் ஈரமான, எளிதில் ரத்தம் கசியும் புண் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. பொருக்கைப் பிய்த்துப் பார்க்க வேண்டாம். சண்டைக் காயம், பூஞ்சைத் தொற்று, காது உண்ணி எல்லாம் இதே போலத் தோன்றலாம் என்பதால் சிறு துண்டு எடுத்துச் செய்யும் பயாப்ஸிதான் முடிவைச் சொல்லும்.

புற்றுநோய் என்றே வந்தாலும், காது என்பது ஒரு விதத்தில் நல்ல இடம். இந்த வகை பெரும்பாலும் அதே இடத்தில்தான் அரித்துக்கொண்டு போகும், நிணநீர்க் கணுவுக்கோ நுரையீரலுக்கோ தாமதமாகவே பரவும். நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து மடலை வெட்டி எடுத்துவிட்டால் பல பூனைகளுக்கு அதோடு முடிந்துவிடும். கேட்கும் திறன் போகாது. மூக்கில் வந்தால்தான் கஷ்டம்; அங்கே தாராளமாக வெட்ட இடமில்லை. மேலோட்டமாக இருக்கும்போதே பிடித்தால் உறைய வைத்தோ கதிர்வீச்சு கொடுத்தோ சமாளிக்கலாம்.

இடது காதில் பட்ட அதே வெயில் வலது காது, மூக்கு, இமை ஓரம் எல்லாவற்றிலும் பட்டிருக்கிறது. அவற்றையும் மாதம் ஒருமுறை பாருங்கள். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெளியே விடாதீர்கள். திறந்த ஜன்னலில் படுப்பதும் வெயிலில் படுப்பதுதான். நீங்கள் பூசும் சன்ஸ்கிரீனைப் பூனைக்குப் பூச வேண்டாம்: அதிலுள்ள சிங்க் ஆக்ஸைடும் சாலிசிலேட்டும் நக்கி உள்ளே போனால் பூனைக்கு நஞ்சு. பூனைக்கென்றே தயாரித்ததை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.