மாதத் தவணையை வாரக் கணக்கில் கட்டுவது

"ஆட்டோவுக்கு மாசம் 8,400 தவணை. தினமும் ஓட்டுறேன், ஆனா 5ஆம் தேதி வந்தா கணக்குல பணம் இல்ல. என்ன பண்றது?"

8,400ஐ நாலால் வகுத்து, வாரம் 2,100 கட்டுங்கள். ஆறு நாள் ஓட்டினால் நாளைக்கு 350. தவணை பிடிக்கும் கணக்கிலேயே திங்கட்கிழமை காலை, முதல் சவாரிக்கு முன் போட்டுவிட வேண்டும்.

கேஸுக்கும் வீட்டுக்கும் தவணைக்கும் ஒரே சட்டைப்பை என்பதுதான் பெரும்பாலும் சிக்கல். எனக்கும் அப்படித்தான் இரண்டு முறை கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பி, அபராதம் வேறு கட்டினேன். அப்புறம் சீட்டுக்கு அடியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பா வைத்தேன். கேஸ் போட்டதும் முதல் 350 அதற்குள். மழை நாளில் 200தான் விழுந்தால், மீதி 150 ஞாயிறு காலை ஓட்டத்தில்.

வருடத்துக்கு 52 வாரம் என்பதால் 1,09,200 சேரும். தவணை 1,00,800தான். மிஞ்சும் 8,400ஐ நான் இன்சூரன்ஸுக்கு வைத்தேன். அதற்குக் கைமாற்று வாங்கினால் திட்டமே கவிழ்ந்துவிடும்.

முதலில் ஒரு வாரம் வசூலையும் கேஸையும் எழுதிப் பாருங்கள். வீட்டுச் செலவு போக 350 நிற்கவில்லை என்றால் டப்பா உதவாது. தவணைக் காலத்தை நீட்டக் கேளுங்கள், வட்டி கூடும்.

கடைசித் தவணை முடிந்ததும் கடன் கொடுத்த இடத்தில் என்ஓசியும் படிவம் 35உம் வாங்கி, ஆர்சியில் கடன் பதிவை நீக்குங்கள். நான் சோம்பலில் விட்டு, வண்டி விற்கும்போது அலைந்தேன்.