எண்ணிக்கை நார்மல், ஸ்லைடு நார்மல் இல்லை

"அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். வெள்ளை அணுக்கள் 5,900, நார்மல்தான். ஆனால் ரிப்போர்ட்டின் கீழே 'லெஃப்ட் ஷிஃப்ட், டாக்ஸிக் கிரானுலேஷன்' என்று போட்டிருக்கிறார்கள். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?"

ஆமாம். இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். நான் டாக்டர் இல்லை. பெங்களூர் அல்சூரில் 19 வருடமாக லேப் டெக்னீஷியன். சிகிச்சை பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை, ஸ்லைடில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒரு ராத்திரி 71 வயதுப் பெரியவரின் ரத்தம் வந்தது. காய்ச்சல் அதிகமில்லை, ஆனால் சாயங்காலத்திலிருந்து பேச்சு முன்னுக்குப் பின் முரணாக இருந்ததாம். வெள்ளை அணுக்கள் 5,800. "கவுண்ட் நார்மல்னு மெசேஜ் வந்துடுச்சு, நாங்க கிளம்பலாமாண்ணா?" என்று மகன் கேட்டார். அணுக்களை எண்ணும் மெஷின் சந்தேகக் கொடி காட்டியிருந்ததால், ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்வரை இருக்கச் சொன்னேன்.

நியூட்ரோபில் என்பது கிருமியோடு போராடும் வெள்ளை அணு. முதிர்ந்த நியூட்ரோபிலின் உட்கரு மூன்று நான்கு துண்டாக, நடுவே நூல் போன்ற இணைப்போடு இருக்கும். அதன் பிஞ்சான பேண்ட் செல்லில் அந்த நூல் இருக்காது, உட்கரு லாடம் போல வளைந்திருக்கும். அன்று 100 அணுக்கள் எண்ணியதில் முதிர்ந்தவை 38, பேண்ட் 31, அதைவிட இளசான மெட்டாமைலோசைட் 6. அதாவது நியூட்ரோபில்களில் கிட்டத்தட்ட பாதி பிஞ்சு, இதுதான் லெஃப்ட் ஷிஃப்ட். பலவற்றில் கருஊதாத் துகள்கள் அப்பிக் கிடந்தன, அதுதான் டாக்ஸிக் கிரானுலேஷன். சிலவற்றின் ஓரத்தில் வெளிர்நீலத் திட்டு, அதுதான் டோலே பாடி.

கிருமியோடு போராடி நியூட்ரோபில்கள் தீரத் தீர, எலும்பு மஜ்ஜை முதலில் இருப்பில் உள்ள முதிர்ந்தவற்றை அனுப்பும். அப்போது எண்ணிக்கை ஏறும். செலவு வரவை மிஞ்சினால் பிஞ்சையும் அவசரமாக அனுப்பும். எண்ணிக்கை ஏறாமலே நிற்கும், இறங்கவும் செய்யும். அதனால் இந்த நார்மலைப் பார்த்து நான் நிம்மதி அடைவதில்லை. அன்றே டாக்டருக்குப் போன் செய்தேன். பெரியவரை அட்மிட் செய்தார்கள். சிறுநீர் கல்ச்சரில் ஈ.கோலை என்ற கிருமி வளர்ந்தது.

பேண்ட் எண்ணுவது ஆளுக்கு ஆள் மாறும் என்று இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள். உண்மைதான். 7-ஆ 11-ஆ என்று நானும் வாதாட மாட்டேன். 31 அப்படியில்லை. துகள்களிலும் ஏமாறலாம். சாயம் அதிகமாக ஏறினால் எல்லா அணுக்களுமே கருத்துத் தெரியும், அதனால் பக்கத்தில் உள்ள லிம்ஃபோசைட் என்ற வேறு வகை வெள்ளை அணுவையும் பார்ப்பேன். கர்ப்பிணிகளுக்கும், கீமோவுக்குப் பின் வெள்ளை அணுவைக் கூட்டும் ஊசி போட்டவர்களுக்கும் தொற்று இல்லாமலே இந்தத் தோற்றம் வரும். தொற்றில் தெரியும் குமிழிகளும், ட்யூபில் பல மணி நேரம் கிடந்த ரத்தத்தில் அணுக்களுக்குள் தானாகவே உண்டாகும்.

எனக்கு ஆற்றாமை வேறொன்றில். மலிவு பேக்கேஜ்களில் கொடி விழுந்தாலும் ஸ்லைடு போடாமல் ரிப்போர்ட்டை அனுப்பிவிடுகிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், "கவுண்ட் நார்மல், உனக்கென்ன வேலை?" என்றே கேட்டார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த வரியை எழுதியவர் லென்ஸில் கண்வைத்துப் பார்த்திருக்கிறார். டாக்டரிடம் எண்ணிக்கையை மட்டும் போனில் படித்துக் காட்டாதீர்கள். அந்த வரியோடு சேர்த்து ரிப்போர்ட்டைக் கையில் கொடுங்கள்.