மழை அதிகமுள்ள ஊரில் மண் கல் சுவர் தாங்குமா?

"நாகர்கோவில் பக்கம் வீடு கட்டப் போகிறோம். சிமெண்ட் கலந்து அழுத்திய மண் கல்லில் சுவர் வைக்க ஆசை. ரெண்டு மழையும் பெய்யும் ஊர், கரைந்து போகாதா? கலவை, க்யூரிங் எப்படி?"

தாங்கும். ஆனால் கல்லைக் காய்ந்த நிலையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நன்றாக ஊறிய மண் கல்லுக்குக் காய்ந்த கல்லின் பலத்தில் பாதிதான் இருக்கும். உங்கள் ஊருக்கு அந்தப் பாதிதான் கணக்கு. கலவையிலும் க்யூரிங்கிலும் செய்வதெல்லாம் அதைக் காப்பாற்றத்தான்.

முதலில் மண். வேர், இலைமக்கு உள்ள மேல்மண்ணைத் தள்ளிவிட்டு, அடிமண்ணை ஒரு கண்ணாடி பாட்டிலில் கால்பங்கு போட்டு, தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் அடியில் நிற்கும், வண்டலும் களியும் மேலே படியும். மணலும் சரளையும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு இருப்பது நல்லது. பாதி மணல், பாதி களியும் வண்டலும் என்று வந்தால், இரண்டு சட்டி மண்ணுக்கு ஒரு சட்டி மணல் சேர்த்தால் அந்த அளவுக்கு வந்துவிடும். களி மிஞ்சினால் கல் காயும்போது சுருங்கி வெடிக்கும். எவ்வளவு சிமெண்ட் போட்டாலும் அது சரியாகாது.

சிமெண்ட் பொதுவாக எடையில் 5 சதவீதம் போதும் என்பார்கள். உங்கள் ஊருக்கு நான் 7 சதவீதம் போடுவேன். 50 கிலோ மூட்டைக்குச் சல்லடையில் சலித்த மண் சுமார் 660 கிலோ. ஆனால் ஒரு மூட்டையை ஒரே தடவையில் கொட்டாதீர்கள். ஈரம் பட்டதும் சிமெண்ட் இறுக ஆரம்பித்துவிடும், கலந்த கலவையை அரை மணி நேரத்துக்குள் அச்சில் அழுத்தி முடிக்க வேண்டும். எட்டு கிலோ சிமெண்டுக்கு 105 கிலோ மண் என்று சின்னச் சின்னதாகக் கலந்தால், 24 செ.மீ. சதுரமும் 9 செ.மீ. கனமும் உள்ள கல் பத்துப் பதினொன்று வரும். தண்ணீர் படாமல் ஒரே நிறம் வரும்வரை புரட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் பூவாளியால் தெளிக்க வேண்டும். மீந்த கலவையில் திரும்பத் தண்ணீர் ஊற்றி அடிப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள். அந்தக் கல் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஊறினால்தான் தெரியும்.

ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு கைப்பிடிக் கலவையை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. பொடியாகச் சிதறினால் தண்ணீர் போதாது. உடையாமல் அப்பிக்கொண்டால் அதிகம்.

அச்சிலிருந்து எடுத்த கல்லை நிழலில் அடுக்கி, முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கமாக மூடி வையுங்கள். பிறகு நாலு வாரம் முடியும்வரை காயவிடாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். மழைக்காலத்தில் கல் அடித்தால் மழையே க்யூரிங் பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். புதுக் கல்லின் ஓரத்தை ஒரு நல்ல மழை கரைத்துவிடும், குவித்து வைத்த மண்ணும் சகதியாகி ஈரக் கணக்கு தப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, தை மாசியில் கல் அடித்து, நாலு வாரம் நனைத்து, நன்றாகக் காயவிட்டு, ஆனி மழைக்குள் சுவரும் கூரையும் முடித்துவிடுவது உங்கள் பக்கத்துக்குத் தோதான கணக்கு. காயாத கல்லைச் சுவரில் வைத்தால் பின்னால் சுருங்கி, இணைப்பு ஓரமாகக் கீறல் விடும்.

சுவர் எழுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். நாலு வாரம் முடிந்த கல் இரண்டை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வைத்து எடுத்து, மூலையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். விரலில் லேசாகச் செம்மை ஒட்டினால் பரவாயில்லை. மூலை சேறாக வழிந்தால் சிமெண்ட் குறைவு, அல்லது க்யூரிங் சரியில்லை. அந்த அடுக்கை உள் தடுப்புச் சுவருக்குக்கூட எடுக்காதீர்கள்.

கல் நன்றாக இருந்தாலும் சுவரைக் கெடுப்பது பெரும்பாலும் மேலிருந்து விழும் மழை இல்லை, தரையில் பட்டுத் தெறிக்கும் தண்ணீர்தான். கருங்கல் உங்கள் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது. தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை கருங்கல் கட்டி, அதன் மேல் மண் கல்லைத் தொடங்குங்கள். கூரை சுவரைத் தாண்டி இரண்டரை அடியாவது நீள வேண்டும், சாரல் அடிக்கும் மேற்குப் பக்கம் முடிந்தால் திண்ணையோ தாழ்வாரமோ வையுங்கள். பயந்துபோய் வெளியே நீர்புகாத பெயிண்ட் அடிக்காதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்டை உப்ப வைத்து, கல்லின் மேல்தோலையும் சேர்த்து உரித்துவிடும். புதுச்சேரி பக்கம் ஆரோவில்லில் பார்வையாளர் மையம் இந்த வகைக் கல்லில் கட்டியதுதான். 1990களின் தொடக்கத்திலிருந்து வடகிழக்குப் பருவமழையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. முடிந்தால் ஒரு மழைநாளில் போய்ப் பாருங்கள்.

குளியலறையின் தண்ணீர் படும் சுவர், காம்பவுண்டு சுவர், மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர் மூன்றுக்கும் மண் கல் வேண்டாம், அங்கே சுட்ட செங்கல்லோ கருங்கல்லோ போடுங்கள்.