மறதி நோய் வந்த கணவரின் பராமரிப்புச் செலவு: காசுக்கு முதல் கையெழுத்து

கேள்வி: ஐயா, வட்டக்கச்சியில் இருக்கிறம். எனக்கு 66, அவருக்கு 72, ஓய்வுபெற்ற ஆசிரியர். மறதி நோய் என்று போன வருசம் கிளினிக்கில் சொன்னவை. எங்களை அடையாளம் காணுறார், ஆனால் காசுக் கணக்குப் பிழைக்குது, பின்னேரமானால் வெளிக்கிட்டு நடக்கிறார். பென்சன் 58,000. அவற்ற பேரில மட்டும் 24 இலட்சம் நிலையான வைப்பு, 8 வீத வட்டி. வயல் குத்தகை வருசம் 60,000. வீட்டுச் செலவு மாதம் 50,000. வீடும் வயலும் பெர்மிட் காணி, அவற்ற பேர். கொடிகாமத்தில எனக்குச் சீதனமாய் வந்த 6 பரப்பு இருக்கு. பரப்பு 4 இலட்சத்துக்குக் கேக்கினம். பகலில நிற்க ஒரு அம்மா நாளுக்கு 2,000 கேக்கிறா. ஏஜென்சி ஆள் இரவு பகலாய் நிற்க நாளுக்கு 3,500. மகன் பிரான்சில், மகள் வவுனியாவில். அற்றோணித் தத்துவம் எழுதித் தந்தால் வயலுக்கு 35 இலட்சம் தாறன் என்று ஒருத்தர் நிக்கிறார். குடுக்கலாமோ?

பதில்: குடுக்க வேண்டாம் அம்மா. பெர்மிட் காணி, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள் வருவது. பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. நிபந்தனையை மீறியதாகக் காட்டிப் பெர்மிட்டை இரத்துச் செய்யவும் வழி உண்டு. அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுப்பது இந்தத் தடையைச் சுற்றிப் போக வன்னியில் பலர் பிடிக்கும் குறுக்கு வழி. உங்கள் விடயத்தில் அதற்கு இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவருக்கு விளங்கும் ஆற்றல் போய்விட்டால் அற்றோணித் தத்துவமும் அதோடு போய்விடும். நோய்க்குப் பின்னும் நீடித்து நிற்கும் தத்துவம் என்று சில நாடுகளில் இருப்பது இலங்கையில் இல்லை. இரண்டு வருடத்தில் அவரின் நிலை இறங்கியதும், 35 இலட்சத்தையும் திருப்பிக் கேட்டுக்கொண்டு அந்த ஆள் உங்கள் படலையில் நிற்பார்.

அதே காரணத்தால், பிள்ளைகள் பெயரில் ஒரு அற்றோணி எழுதிவிட்டால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். அது மகள் சில மாதம் ஓடித்திரியத்தான் உதவும். அவரால் விளங்கிக் கையெழுத்து வைக்க முடியாத நாள் வந்த பிறகு, அவருடைய சொத்தைத் தொட மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ் அவரின் சொத்துக்கு ஒரு முகாமையாளரை நியமிக்கக் கேட்க வேண்டும். வைத்தியச் சான்று, சட்டத்தரணிச் செலவு, தவணை என்று அது இழுபடும். அந்த நேரம் 24 இலட்சம் வங்கியில் இருக்கும், பம்பஸ் வாங்கக் கையில் காசு இராது. ஆகவே இந்த மாதத்துக்குள் நாலு இடத்தில் கையெழுத்து முடிய வேண்டும்.

முதலாவது வங்கி. நிலையான வைப்பை, இருவரில் யாரும் எடுக்கலாம், ஒருவர் இறந்தால் மற்றவருக்கு என்ற நிபந்தனையோடு கூட்டுக்கணக்காக்குங்கள். காலையில், சாப்பிட்டு ஆறுதலாக இருக்கும் நேரத்தில் கூட்டிக்கொண்டு போங்கள். பின்னேரம் குழம்புகிறவரைப் பின்னேரம் கொண்டுபோனால் முகாமையாளர் திருப்பி அனுப்புவார், அது அவர் கடமையும்கூட. முதல் நாள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்: எதில் கையெழுத்து வைக்கப் போகிறார், அதனால் யார் காசு எடுக்கலாம், வைக்காவிட்டால் என்ன ஆகும். நீங்கள் எடுத்துக் கொடுக்காமல் அவராகச் சொன்னால் போகலாம். கிளினிக் வைத்தியரிடம் அந்தக் கிழமைத் திகதியில் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். கை நடுங்கிக் கையெழுத்து மாறுவது மட்டும்தான் பிரச்சினை என்றால் பெருவிரல் அடையாளத்துக்கு வங்கியில் வழி இருக்கிறது. ஆனால் விளங்காமல் வைத்த பெருவிரல் எந்தக் காலத்திலும் கேள்விக்குள்ளாகும்.

இரண்டாவது பென்சன். அது வரும் கணக்கைப் பிரதேச செயலக ஓய்வூதியப் பிரிவில் கேட்காமல் மாற்ற வேண்டாம். அதை அப்படியே விட்டு, மாதாமாதம் அதிலிருந்து கூட்டுக்கணக்குக்குக் காசு போக ஒரு நிலையான கட்டளை எழுதினால் போதும். அவரின் ஏ.டி.எம் அட்டையையும் இப்போதே உங்கள் பொறுப்பில் எடுங்கள். காசுக் கணக்குப் பிழைக்கத் தொடங்கியவரிடம் வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் தெரிந்த முகங்கள்தான்.

மூன்றாவது பெர்மிட். அவருக்குப் பின் நீங்கள் உயிருள்ளவரை அந்தக் காணியை அனுபவிக்கச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் 6 மாதத்துக்குள் உடைமை எடுக்க வேண்டும். உங்களுக்குப் பிறகு யார் என்பதுதான் சண்டை வரும் இடம். பின்னுரித்தாளர் நியமனம் அவர் உயிரோடு இருக்கும்போதே பதிவாகியிருக்க வேண்டும். பிறகு எழுதிய கடிதத்துக்குப் பெறுமதி இல்லை. காணிப் பிரிவில் பதிவேட்டைப் பார்த்து, யாரும் எழுதப்படவில்லை என்றால் இப்போதே எழுதுவியுங்கள். இரவில் வந்து நிற்கப் போவது மகள் என்றால் அதை மகனோடும் வெளிப்படையாகப் பேசிவிட்டு எழுதுங்கள்.

நாலாவது கொடிகாமம். சீதனக் காணி என்னுடையதுதானே என்று பலர் நினைத்திருப்பார்கள். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தை விற்கவும் ஈடு வைக்கவும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அவருக்குப் புத்தி தெளிவில்லாமல் போனால் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நீங்கள் கேட்கலாம். ஆனால் அது இன்னொரு வழக்கு. என் அபிப்பிராயம், 6 பரப்பில் 3 பரப்பை அவர் நொத்தாரிசு முன் விளங்கிச் சம்மதம் வைக்கும் நிலையில் இருக்கும்போதே விற்றுவிடுங்கள். வரும் 12 இலட்சத்தை உங்கள் பெயரில் தனியே போடுங்கள். மீதி 3 பரப்பு இருக்கட்டும்.

ஏன் 12 இலட்சம் என்று கணக்கில் காட்டுகிறேன். பென்சன் 58,000, வட்டி 16,000, குத்தகை 5,000: மாதம் 79,000. வீட்டுச் செலவு போக 29,000 மிஞ்சும். இப்போதைய நிலைக்கு அந்த அம்மாவைக் கிழமைக்கு 3 நாள் கூப்பிட்டால் மாதம் 13 நாள், 26,000. இது தாங்கும். காசை அவரின் உடுப்புத் தோய்க்க அல்ல, நீங்கள் பகலில் படுத்து நித்திரை கொள்ளக் கொடுக்கிறீர்கள் என்று நினையுங்கள். கிணற்றுக்கட்டு தாழ்வு என்றால் மூடி போடுவதும் படலைக்கு உள்ளே எட்டாத கொழுக்கி போடுவதும் இந்தக் கட்டச் செலவுதான். வாய்க்கால் பக்கம் நடக்கிறவர் என்றால் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த கட்டத்தில் குளிக்க வார்ப்பது, கழிவறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் ஆள் வேண்டும். மாதம் 26 நாள் அந்த அம்மா, 52,000. பம்பஸ் ஒன்று 200 ரூபா என்று வைத்து, இரவுக்கு மட்டும் 2 போட்டால் 12,000. சில்லறை 5,000. மொத்தம் 69,000; மாதம் 40,000 துண்டுவிழும். பகலிலும் பம்பஸ் போட்டுவிட்டால் வேலை சுகம் என்று உதவிக்கு வருபவர் சொல்லலாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கூட்டிப்போய் இருத்தினால் பகலில் பெரும்பாலும் தேவைப்படாது. ஈரம் ஊறிய தோல்தான் முதலில் உடையும், படுக்கைப்புண் வந்தால் மருந்துக் கட்டும் ஆஸ்பத்திரி ஓட்டமும் பம்பஸ் செலவைத் தின்றுவிடும்.

கடைசிக் கட்டம் படுக்கை. ஏஜென்சி ஆள் முழுநேரமும் நின்றால் 105,000, பம்பஸ் நாளுக்கு 4 என்று 24,000, சில்லறை 6,000. மாதம் 135,000, துண்டுவிழுவது 106,000. நடுக்கட்டத்து 40,000 பற்றாக்குறையை 3 வருடம் வைப்பிலிருந்து எடுத்தால், வட்டி குறைவதையும் சேர்த்து 16 இலட்சம் போய்விடும். மிச்சம் 8 இலட்சம் ஏழு மாதத்தைத்தான் தாங்கும். நோய் கண்டுபிடித்த பிறகு சராசரியாக 4 முதல் 8 வருடம் வாழ்கிறார்கள், சிலர் அதற்கும் மேல். கணக்கு அங்கேதான் உடைகிறது.

அதை ஒட்டவைக்க இரண்டு மாற்றம் வேண்டும். ஒன்று, பகல் ஆள் தேவைப்படும் மாதத்திலிருந்து மகன் மாதம் 40,000 அனுப்ப வேண்டும். பெருநாளுக்கு ஒருமுறை பெரிதாக அனுப்புவது இதற்கு உதவாது. திகதி தவறாமல் கூட்டுக்கணக்குக்கு வர வேண்டும். அப்படி வந்தால் 24 இலட்சம் தொடப்படாமல் கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேரும். மற்றது, கடைசிக் கட்டத்திலும் முழுநேர ஏஜென்சியை எடுக்க வேண்டாம். மாதத்தில் 20 நாள் ஊர் அம்மா பகலுக்கு 40,000, 10 நாள் இரவு பகல் ஆளுக்கு 35,000, பம்பஸும் சில்லறையும் 30,000: மொத்தம் 105,000. 76,000 துண்டுவிழும், மகனின் 40,000 போக 36,000. வைப்பு நாலரை வருடமளவு தாங்கும். 10 நாளுக்கு ஏஜென்சி ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊரிலேயே இரவுக்கு ஆள் பாருங்கள். மீதி 20 இரவில் சிலவற்றை மகள் எடுக்க வேண்டும். 70 வயதில் நீங்கள் தனியே அவரைப் புரட்டிப் போட்டால் உங்கள் முதுகுக்கும் ஒரு ஆள் தேட வேண்டிவரும். கொடிகாமத்து 12 இலட்சம் இதற்குள் வரவில்லை. அது சம்பளமும் விலையும் ஏறுவதற்கு. 2022இல் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்ட நாட்டில் இன்றைய 2,000 ரூபாவை நம்பித் திட்டம் போட முடியாது.

24 இலட்சத்தை ஒரே வைப்பாக வைத்திருப்பதையும் மாற்றுங்கள். 4 இலட்சப்படி ஆறாகப் பிரித்து, இரண்டு மாதத்துக்கு ஒன்று முதிர்வதுபோல் போட்டால், ஒரு அவசரத்துக்கு முழுவதையும் இடையில் முறித்து வட்டியை இழக்க வேண்டிவராது. வட்டியில் வங்கி 10 வீதம் வரி பிடிக்கும். உங்களுக்கு அது வருடம் 19,200. ஆண்டு வருமானம் 18 இலட்சம் வரித்தளர்வுக்குள் இருப்பவர் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். கூட்டுக்கணக்கானதும் இருவரும் கொடுங்கள்.

மருந்துகளைக் கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலைக் கிளினிக்கிலேயே எடுங்கள். அங்கே இல்லாத நாளுக்கு மட்டும் வெளியில் வாங்குங்கள். காப்புறுதி முகவர் யாராவது இப்போது வந்தால் ஒன்று கேளுங்கள்: வீட்டில் வைத்துப் பார்க்கும் ஆளின் கூலியைத் தருவீர்களா? இங்கு விற்கும் மருத்துவக் காப்புறுதி ஆஸ்பத்திரியில் படுப்பதற்கானது, ஏற்கனவே உள்ள நோய்க்கு அதுவும் கஷ்டம். நகையை அடைவு வைத்து மாதக்கூலி கொடுப்பதும் வேண்டாம். அடைவு, திரும்பக் காசு வரும் என்று தெரிந்த செலவுக்கானது. அறுவடைக்கு முன் பசளை வாங்குவதற்குச் சரி, இதற்குச் சரிவராது.

அவர் படுக்கையில் விழுந்தால் அந்த வருடத்து உயிர்வாழ் சான்றிதழுக்கு ஜீ.எஸ்ஸை வீட்டுக்கு வரச் சொல்லி முன்கூட்டியே அறிவியுங்கள். அது பிந்தினால் பென்சன் நிற்கும். அவருக்குப் பிறகு உங்களுக்கு வரும் விதவைகள் ஓய்வூதியம் 58,000ஆகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். ஓய்வூதியப் பிரிவில் உத்தேசத் தொகையை எழுதித் தரக் கேட்டு, விவாகப் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் அவரின் சேவைக் கோவையில் உள்ள உங்கள் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இடம்பெயர்ந்தபோது தொலைந்த பதிவுக்குப் பின்னர் எடுத்த பிரதிகளில் எழுத்து மாறியிருந்தால், அதைத் திருத்த வேண்டிய நேரமும் இதுதான்.