வெளுத்துப்போன வானம்: கண்ணாடி ஃபில்டர் வாங்கலாமா?

கேள்வி: மலைக்காட்சி எடுத்தால் வானம் மட்டும் வெள்ளைத்தாள் போல வந்துவிடுகிறது. மேல்பாதி இருண்டு கீழே தெளிவாகும் கிராஜுவேட்டட் ஃபில்டர் ஒன்று வாங்கட்டுமா, லைட்ரூமிலேயே சரிசெய்துகொள்ளலாமா?

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன் பழைய படம் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். லைட்ரூமின் Develop பகுதியில் திறந்து Highlights-ஐ முழுவதும் கீழே இறக்குங்கள். பிறகு J விசையைத் தட்டுங்கள். விவரம் தொலைந்த இடங்கள் சிவப்பாகத் தெரியும். சிவப்பு மறைந்து மேகத்தின் மடிப்புகள் எட்டிப்பார்த்தால், வானம் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. சிவப்பு அப்படியே நின்றால் அங்கே எதுவும் பதிவாகவில்லை. அதை எவ்வளவு இருட்டாக்கினாலும் சுவருக்குச் சாம்பல் வண்ணம் அடித்ததுபோலத்தான் இருக்கும். ஜேபெக்கில் எடுப்பவர்களுக்கு இந்த ஏமாற்றம் அதிகம். கேமரா பதிவுசெய்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ரா கோப்பில் மீட்க இடம் கூடுதல்.

என் படம் ஒன்றைச் சொல்கிறேன். மலைமுகட்டில் ஒற்றை மரம், பின்னால் வெளிறிய வானம். Masking-இல் Linear Gradient என்ற சரிவு மாஸ்க்கை எடுத்து, மேலிருந்து முகடுவரை இழுத்தேன். முதல் முறை இழுப்பு குட்டையாகிவிட்டதால் வானத்தில் பட்டையாக ஒரு கோடு விழுந்தது. நீளமாக இழுத்ததும் அது கரைந்தது. Exposure -0.8, Highlights -50, கூடவே வெப்பநிலையில் ஒரு சொட்டு நீலம். இதற்கு மேல் போனால் பகல் வெளிச்சத்தில் புயல் வானம் ஒட்டியதுபோல ஆகிவிடும்.

வானம் அழகானது, மரத்தின் உச்சியோ கரியாகிவிட்டது. சரிவு மாஸ்க்குக்கு மரம் எது, வானம் எது என்று தெரியாது. அதே மாஸ்க்கில் Subtract அழுத்தி, Luminance Range மூலம் இருண்ட பகுதிகளைக் கழித்தேன். இலை பழைய நிறத்துக்குத் திரும்பியது. ஆனால் 100% பெரிதாக்கிப் பார்த்தபோது இலை விளிம்புகளில் வெள்ளைக் கோடு! கழிக்கும் எல்லை திடீரென முடிந்ததே காரணம். எல்லையைப் படிப்படியாக மங்கும்படி விரித்ததும் கோடு அடங்கியது.

இப்போது கண்ணாடிக்கு வருவோம். அதுவும் மரத்தின் உச்சியைச் சேர்த்தே இருட்டாக்கும். அதில் கழித்தல் பொத்தான் கிடையாது. அது உண்மையில் உதவுவது, கடல் விளிம்பு போல நேர்கோட்டில் வானம் பிரியும் காட்சிகளில், வானத்துக்கும் தரைக்கும் உள்ள ஒளி வேறுபாடு கேமராவின் கொள்ளளவைத் தாண்டும்போது. அத்தகைய படம் அடிக்கடி எடுப்பீர்கள் என்றால் வாங்குங்கள். திருகிப் பொருத்தும் வட்ட வடிவத்தைத் தவிர்த்துவிடுங்கள். இருட்டு-வெளிச்ச எல்லை நடுவிலேயே நின்றுவிடும். தாங்கியில் மேலும் கீழும் நகரும் செவ்வகத் தகடே வசதி. மலைக்கு, 0.6 என்று குறித்த, எல்லை மென்மையான வகை போதும். அது 2 ஸ்டாப் ஒளியைக் குறைக்கும், அதாவது நான்கில் ஒரு பங்கு ஒளியையே உள்ளே விடும்.

உங்கள் மலைகளுக்கு இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பேன். ரா-வில், ஐஎஸ்ஓ-வைக் குறைவாக வைத்து, ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள்; தரையின் இருட்டைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். மேகமே பிரியாமல் ஒரே வெண்மையாக மூடிய நாளில் மட்டும் எதையும் இருட்டாக்க முயலாதீர்கள். கேமராவைத் தாழ்த்தி, வானத்தைச் சட்டத்தின் மேல் விளிம்பில் ஒரு கீற்றாக விட்டுவிடுங்கள்.