ஸ்டால்ல நின்னு என்ன பேசுறது? கேள்வி பதில்

கே: துணிப்பை தைச்சு விக்கிறேன், முதல் தடவையா கண்காட்சில ஸ்டால் போடுறேன். வர்றவங்ககிட்ட சொல்ல சின்னதா ஒரு ஸ்பீச் எழுதித் தாங்களேன்.

ப: பேச்சுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் அஞ்ச ஒரு பைக்குள்ள போட்டு மேஜை ஓரத்துல வச்சிடுங்க. யாராவது லேசா நின்னா பைய அவங்க கையில குடுத்துட்டு இதச் சொல்லுங்க:

"தூக்கிப் பாருங்க, உள்ள அஞ்சு கிலோ இருக்கு. துணிப்பை பொதுவா கைப்பிடி சேர்ற இடத்துலதான் பிஞ்சு போகும், அதான் அங்க சதுரமா தைச்சு நடுவுல பெருக்கல் குறி மாதிரி குறுக்குத் தையல் போட்டிருக்கேன், திருப்பிப் பாருங்க. நீங்க பை எதுக்கு எடுப்பீங்க, கடைக்கா ஆபீஸுக்கா?"

அவ்ளோதான், 20 செகண்ட்தான் ஆகும். கேட்டதும் வாய மூடிக்கணும், இதுதான் கஷ்டம். அவங்க சொல்ற பதில வச்சுதான் அடுத்து எந்தப் பைய எடுக்கணும்னே தெரியும்.

கே: நாம யாரு, எத்தனை வருஷமா செய்றோம்னு சொல்லாம எப்படிங்க நம்புவாங்க? நாங்க அதுலதான் ஆரம்பிப்போம்.

ப: பாதி சரிதான். "நீங்களே தைக்கிறதா?"ன்னு அவங்க கேப்பாங்க பாருங்க, அப்ப சொன்னா காது குடுத்துக் கேப்பாங்க. முதல்லயே ஆரம்பிச்சா கண்ணு பக்கத்து ஸ்டாலுக்குப் போயிடும், தலை மட்டும் ஆடும்.

கே: எனக்கு மேடையில மைக் குடுத்து ரெண்டு நிமிஷம் பேசச் சொல்லிருக்காங்க. இதையே பேசிடலாமா?

ப: அது வேற கணக்குங்க. அங்க யாராலயும் தொட்டுப் பாக்க முடியாது, அதனால முன்வரிசையில இருந்து ஒருத்தர மேல கூப்பிட்டுத் தூக்கச் சொல்லுங்க. ஸ்டால் நம்பர ஆரம்பத்துல ஒரு தடவ, முடிக்கும்போது ஒரு தடவ சொல்லுங்க, நல்லா பேசிட்டு இத மறந்துட்டு இறங்குறவங்கதான் ஜாஸ்தி.

கே: மொத்தமா எடுக்குற வியாபாரி வந்தா?

ப: அவங்களுக்குத் தையல் கதை ரெண்டாவதுதான். குறைஞ்சது எத்தனை பீஸ், எத்தனை நாள்ல வரும், பிரிண்ட் போட்டுத் தருவீங்களா, இத முதல்ல சொல்லுங்க. நான் ஒரு தடவ ஆர்வக்கோளாறுல 500 பை 10 நாள்ல தர்றேன்னு சொல்லிட்டேன், தையல் முடிஞ்சுது, பிரிண்ட் போட்டுக் காயவைக்கிறதுல மாட்டிக்கிட்டேன். இப்பல்லாம் தையல் நாளையும் பிரிண்ட் நாளையும் தனித்தனியா எழுதி வச்சுப் பாத்துதான் சொல்றது.

கே: போறவங்கள கூப்பிட்டு நிறுத்தலாமா, தானா வரட்டும்னு நிக்கலாமா?

ப: எனக்குக் கூப்பிட வராது, ஸ்டாலுக்கு வெளிய வந்து நின்னு ஒரு பைய மடிச்சுக்கிட்டே இருப்பேன், கை அசைஞ்சா பாக்குறாங்க. ஆனா என் கூட்டாளி சத்தமா கூப்பிட்டே என்னைவிட நிறைய விக்கிறாங்க, அதையும் சொல்லணும்ல. முதல் நாள் காலையில ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி செஞ்சு பாருங்க.